பச்சை ஜாக்கெட் கேட்டால் கோட் வருவது ஏன்? படக் கருவிகளும் நம் உடைச் சொற்களும்

ஒரு சிறுகதைக்குப் படம் வேண்டியிருந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தி பாவாடை தாவணியில் கிணற்றடியில் நிற்கிறாள், அவ்வளவுதான் காட்சி. தமிழைப் புரிந்துகொள்ளும் ஒரு படக் கருவியில் இப்படி எழுதினேன்:

```
அரக்குப் பட்டுப் பாவாடை, மாம்பழ மஞ்சள் தாவணி, பச்சை ஜாக்கெட்
```

வந்த படத்தில் பெண் இருந்தாள், கிணறு இருந்தது. உடம்பில் மஞ்சள் புடவை, அதன்மேல் முன்பக்கம் ஜிப் வைத்த பச்சைக் கோட். பாவாடையைக் காணோம். கருவிக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கிணற்றடி என்பதை அது சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. அரக்கு நிறம் கூடப் புடவையின் கரையாக வந்திருந்தது. தமிழ் தெரிந்த கருவிதான் உடையில் மட்டும் சறுக்கியது. அதிலும் பெரிய சறுக்கல், தமிழ்ச் சொல்லில் வரவில்லை. ஆங்கிலம் என்று நாம் நினைக்கும் சொல்லில்தான் வந்தது.

இது ஏன் நடக்கிறது என்று பார்க்க, நாம் எழுதுவதை அந்தக் கருவி எப்படிப் படிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். எல்லாக் கருவியும் ஒரே மாதிரி படிப்பதில்லை. நம் வேலைக்கு இரண்டு வகை என்று பிரித்துக்கொண்டால் போதும். ஒன்று, நாம் எழுதியதை அப்படியே எடுத்துப் படம் வரையும் பகுதிக்கு அனுப்புவது. கணினியில் நாமே நிறுவி ஓட்டும் ஸ்டேபிள் டிஃப்யூஷன், ஃப்ளக்ஸ் போன்றவை இந்த வகை. இன்னொன்று, நடுவில் ஒரு மொழி மாடலை வைத்து, நாம் எழுதியதை விரித்து, பெரும்பாலும் ஆங்கிலத்தில் மாற்றி எழுதி, அந்தப் புது வாசகத்தை வரையும் பகுதிக்குக் கொடுப்பது. உரையாடல் வடிவில் இருக்கும் கருவிகள் பலவும் இப்படித்தான். என் கிணற்றடிப் படம் இரண்டாம் வகையில் வந்தது. ஆனால் முதல் வகையைப் புரிந்துகொண்டால்தான் இரண்டாம் வகையின் சிக்கல் தெளிவாகும்.

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் பதிப்புகளில் எழுத்தைப் படிப்பது கிளிப் என்ற மாடல். அது 2021ல் வெளிவந்தது. பெரும்பாலும் ஆங்கிலக் குறிப்போடு வந்த 40 கோடிப் படங்களைப் பார்த்துப் பழகியது. நாம் எழுதும் வாக்கியத்தை டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டித்தான் அது படிக்கும். ஒரு தடவைக்கு 77 டோக்கன்தான் அதற்குக் கொள்ளும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் போக நமக்குக் கிடைப்பது 75. ஆங்கிலத்தில் புழக்கமான சொல் பெரும்பாலும் ஒரே துண்டாகப் போய்விடும். தமிழ்ச் சொல் அப்படிப் போகாது. கணினியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு பிடிக்கும். க ஒரு குறி, புள்ளி தனிக் குறி, உகரக் கொக்கி தனிக் குறி. ‘அரக்குப் பட்டுப் பாவாடை’ என்ற மூன்று சொல்லை எண்ணிப் பார்த்தேன். இடைவெளியை விட்டுவிட்டால் 21 குறி, 63 பைட்டு. பக்கத்துப் பைட்டுகள் ஒட்டிக்கொண்டு துண்டுகள் குறையலாம். ஆனாலும் ‘பாவாடை’ என்ற முழுச் சொல் அதன் கைக்குப் போய்ச் சேர்வதில்லை, எழுத்துத் துகள்கள்தான் சேர்கின்றன. தாவணிக்கு வருவதற்குள் இடம் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும். மிஞ்சியதைச் சில கருவிகள் வெட்டிவிடும், சில கருவிகள் 75, 75 ஆகப் பிரித்துப் படிக்கும்.

இதில் ஒரு பெரிய ஏமாற்றம் இருக்கிறது. இப்படிப் பைட்டுத் துகளாகப் போனாலும், தமிழில் எழுதினால் சில சமயம் புடவை கட்டிய பெண்ணின் படம் வந்துவிடும். உடனே தமிழ் புரிந்துவிட்டது என்று மகிழ்ந்துபோகிறோம். நடப்பது வேறு. தமிழ் எழுத்து உள்ள குறிப்புகளோடு அது பார்த்த சொற்பப் படங்களில் பெரும்பாலும் என்ன இருந்ததோ அதன் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான். ஆங்கில வாக்கியத்தில் ஒரே ஓர் எழுத்தை எடுத்துவிட்டு, பார்வைக்கு அதே போல இருக்கும் வேறு மொழி எழுத்தை வைத்தாலே படம் அந்த மொழியின் பண்பாட்டுப் பக்கம் திரும்புகிறது என்று 2022ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆக, புடவை வந்தது நாம் எழுதிய சொல்லால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எழுத்தின் வாசனையாலேயே வந்திருக்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை உண்டு. படத்தின் தொடக்க எண்ணை, அதாவது சீடை, மாற்றாமல் ஒரே எண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். முதலில் ‘பாவாடை’ என்று போட்டு ஒரு படம். அப்புறம் அதே இடத்தில் ‘நாற்காலி’ என்று போட்டு ஒரு படம். நாற்காலி எங்கும் தென்படாமல், ஏறக்குறைய அதே பெண் அதே மாதிரி உடையில் நின்றால், கருவி அந்தச் சொல்லைப் படிக்கவே இல்லை. எந்தப் புதுக் கருவியிலும் நான் முதலில் செய்து பார்ப்பது இதுதான். இரண்டு நிமிட வேலை.

ஃப்ளக்ஸின் முதல் பதிப்பு போன்ற அடுத்த தலைமுறை மாடல்களில் கிளிப்போடு டி5 என்ற இன்னொரு படிப்பானும் இருக்கிறது. நீளமான ஆங்கில வாக்கியத்தை அது அருமையாகப் புரிந்துகொள்ளும். தமிழுக்கு மட்டும் நிலைமை இன்னும் மோசம். டி5 கையில் இருக்கும் சுமார் 32,000 துண்டுகளும் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ருமேனியன் என்ற நான்கு மொழிகளுக்காகச் சேர்த்தவை. தமிழ் எழுத்து அதில் இல்லை. கிளிப்பாவது பைட்டுத் துகளாகப் படித்தது. டி5 தனக்குத் தெரியாத எழுத்து மொத்தத்துக்கும் ஒரே அடையாளத்தைப் போட்டுவிடும்:

```
சிவப்பு பாவாடை  ->  <unk> <unk>
பச்சை தாவணி     ->  <unk> <unk>
```

இரண்டு வரியும் டி5க்கு ஒன்றேதான். சிவப்பும் பச்சையும், பாவாடையும் தாவணியும் அங்கே கரைந்துபோகின்றன. இந்த மாடலில் தமிழில் எழுதிவிட்டு வருகிற படத்தில் குறை தேடுவதில் பயன் இல்லை.

சரி, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால்? நம்மில் பலர் செய்வது இதுதான். துண்டுகள் குறையும், உண்மை. ஆனால் `manjal` என்று எழுதினால் அதற்குள் `man` என்ற ஆங்கிலத் துண்டு உடைந்து வரக்கூடும். அதோடு எழுத்துக்கூட்டலிலும் பாடு உண்டு. `davani`, `dhavani`, `thavani` மூன்றும் நமக்கு ஒரே தாவணி. மாடலுக்கு மூன்றும் வெவ்வேறு துண்டுக் கோவைகள். இணையத்தில் ஆடைப் படங்களுக்குக் கீழே எந்தக் கூட்டல் அதிகம் வருகிறதோ, அதுதான் கொஞ்சமாவது வேலை செய்யும். `saree` நன்றாகவே வேலை செய்வதற்குக் காரணமும் இதுதான். ஆங்கிலக் குறிப்புகளிலேயே அந்தச் சொல் ஏராளமாக இருக்கிறது. நிறத்தை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் பெயரே இல்லாத உடைக்கு மட்டும் நம் பெயரை வைப்பது என் வழக்கம்.

இனி இரண்டாம் வகைக்கு வருவோம். இங்கே நடுவில் இருக்கும் மொழி மாடலுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ‘தாவணி’ என்றால் என்ன என்று கேட்டால் சரியாகச் சொல்லும். பிறகு ஏன் கோட் வந்தது? தமிழில் ஜாக்கெட் என்றால் புடவைக்கும் தாவணிக்கும் உள்ளே போடும் ரவிக்கை. அந்தச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்து நம் வீட்டில் குடியேறி, பொருளை மாற்றிக்கொண்டு பல தலைமுறை ஆகிவிட்டது. கருவி அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு அனுப்பும்போது, எழுத்தை மட்டும் பார்த்து `jacket` என்று அனுப்பிவிடுகிறது. ‘கிணற்றடி’யை மொழிபெயர்க்க அது யோசித்தாக வேண்டும். ‘ஜாக்கெட்’டை மொழிபெயர்க்க யோசிக்க வேண்டிய தேவையே அதற்குத் தெரியவில்லை.

இந்த மாதிரிச் சொற்கள் நம்மிடம் நிறைய. ஷால் என்கிறோம். நமக்கு அது சுடிதாரோடு போடும் மெல்லிய மேல்துணி. ஆங்கிலத்தில் அது குளிருக்குப் போர்த்தும் கனத்த போர்வை, படத்திலும் கம்பளித் துணிதான் வரும். கேட்க வேண்டியது `dupatta`. சுடிதார் என்றால் நமக்கு மேல்சட்டை, கால்சட்டை, ஷால் எல்லாம் சேர்ந்த முழு உடுப்பு. வடக்கே அந்தப் பெயர் கணுக்காலில் சுருக்கம் விழும் இறுக்கமான கால்சட்டைக்கு மட்டும். படத்தில் கால்சட்டை சரியாக இருக்கும், மேலே எதையோ மாட்டியிருக்கும். நைட்டி இன்னும் சங்கடம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய, வீட்டில் அன்றாடம் போடும் தொளதொள உடையை நாம் நைட்டி என்கிறோம். ஆங்கிலத்தில் `nightie` மெல்லிய இரவு உள்ளாடைப் பக்கம் போய்விடும். காய்கறி நறுக்கும் ஒரு நடுவயது அம்மாவின் படம் கேட்டதற்கு, விதிமீறல் என்று சொல்லிக் கருவி மறுத்துவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. `ankle-length loose cotton housecoat` என்று எழுதியதும் ஒரு தடையும் இல்லாமல் படம் வந்தது.

நல்ல தமிழ்ச் சொல்லையே போட்டால் தப்பிக்கலாமா? பாதி தப்பிக்கலாம். ஜாக்கெட்டுக்குப் பதில் ‘ரவிக்கை’ என்று எழுதினேன். கோட் போய்விட்டது. வந்தது காலர் வைத்து, பொத்தான் போட்டு, இடுப்புக்குக் கீழே தொங்கும் மேல்நாட்டு மேல்சட்டை. ரவிக்கையை `blouse` என்று சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறது. ஆங்கிலப் படங்களில் அந்தச் சொல்லோடு வருவது அந்தச் சட்டைதான். வேட்டிக்கும் இதே கதி. `dhoti` என்று மாறி, கால் நடுவே கொடுத்துப் பின்னால் செருகிய கட்டு வருகிறது. நம் வேட்டி இடுப்பில் சுற்றிச் செருகுவது. தோளில் துண்டு என்றால் குளியல் டவல் வருகிறது. நிறங்களில் கவிதை கூடிவிடும்: மயில் கழுத்து நிறப் புடவை கேட்டால் புடவை முழுக்க மயில் தோகை, சில நேரம் பக்கத்தில் ஒரு மயிலே நிற்கும். வெங்காயக் கலர் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உடைக்குப் பெயரைச் சொல்லி நம்பி இருப்பதைவிட உருவத்தைச் சொல்வதுதான் வழி. வரையும் பகுதிக்குப் பெயரின் வரலாறு தெரியாது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, தையலா சுற்றலா, எத்தனை சுற்று, எந்தத் தோள் என்பதை ஓரளவு அது பின்தொடரும். தாவணியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் வழக்கமாகச் சொல்வது `half saree`. அதை மட்டும் போட்டால் பெரும்பாலும் வருவது கல்யாணத்துக்கான கனமான வேலைப்பாட்டோடு, குடைபோல விரியும் லெஹங்கா. காரணம், அந்தப் பெயரில் இணையத்தில் கிடப்பவை அதிகமும் விசேஷ உடைகளின் விற்பனைப் படங்கள். வீட்டில் கட்டும் சாதாப் பாவாடை தாவணியை யாரும் அப்படிப் பெயர் போட்டு ஏற்றி வைக்கவில்லை. அதனால் என் வாசகத்தை இப்படி மாற்றினேன்:

```
South Indian pavadai davani: ankle-length pleated
maroon silk skirt with a wide gold zari border,
short-sleeved fitted green blouse, plain yellow cloth
wrapped once around the waist, one end tucked in,
the other end over the left shoulder
```

ஒவ்வொரு துண்டும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். `pavadai davani` ஒரு கொக்கி. மாடலுக்குத் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் நட்டம் இல்லை. `pleated` இல்லாவிட்டால் பாவாடை குடையாக விரிந்துவிடும். `fitted`, `short-sleeved` இரண்டும் சேர்ந்து மேல்நாட்டுச் சட்டையைத் துரத்துகின்றன. தாவணிக்குப் பெயரோடு நிற்காமல் `plain yellow cloth` என்று சொன்னதுதான் மிக முக்கியம். `saree` என்ற சொல் எங்காவது இருந்தால் அது முழுப் புடவையாக வளர்ந்து பாவாடையை மூடிவிடும். என் முதல் படத்தில் பாவாடை காணாமல் போனதும் அப்படித்தான். ‘லெஹங்கா வேண்டாம்’ என்று எழுதுவதும் உதவாது. வரையும் பகுதி ‘வேண்டாம்’ என்பதை எளிதில் தவறவிடும், லெஹங்காவைத் தவறவிடாது. இந்த முழு வாசகமும் கிளிப்பின் 75 டோக்கனுக்குள் அடங்கிவிடும்.

இதைத் தமிழிலேயே எழுத முடியாதா என்றால், நடுவில் மொழி மாடல் உள்ள கருவிகளில் தாராளமாக முடியும். ‘கணுக்கால் வரை கொசுவம் வைத்த அரக்கு நிறப் பட்டுப் பாவாடை, உடம்போடு ஒட்டிய, அரைக்கை வைத்த பச்சை ரவிக்கை, இடுப்பைச் சுற்றி ஒரு சுற்று சுற்றி, ஒரு நுனியைச் செருகி, மறு நுனியை இடது தோளில் போட்ட மஞ்சள் துணி’ என்று எழுதிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் வந்த படத்துக்கு எந்த வகையிலும் குறையவில்லை. தமிழில் உடையைச் சொல்லும் நுணுக்கம் அதிகம் என்பதால் எனக்கு இது எளிதாகவும் இருந்தது. காட்சி, முகபாவம், வெளிச்சம் எல்லாவற்றையும் தமிழில் எழுதிவிட்டு, உடைக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு துணுக்கைச் செருகுவதும் இந்தக் கருவிகளில் நன்றாகவே செல்லும். ஆங்கில எழுத்தில் உள்ளதைப் பெரும்பாலும் அது தொடாமல் அப்படியே கடத்தும். கலப்பதில் ஆபத்து இல்லை. தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலச் சொல்லில்தான் ஆபத்து, ஏனென்றால் அங்கேதான் எந்த மொழியின் பொருளை எடுப்பது என்று கருவி ஊகிக்கிறது. ஜாக்கெட் என்றே எழுத வேண்டும் என்றால் ‘தாவணிக்குள் போடும் ஜாக்கெட், அதாவது ரவிக்கை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ஊகம் நின்றுவிடும். முதல் வகைக் கருவியில் இந்த விளக்கமெல்லாம் செல்லாது, அங்கே யோசிக்க யாரும் இல்லை.

மொழிபெயர்ப்பில் எங்கே பிசகியது என்று பார்க்கவும் வழி இருக்கிறது. 2023ல் வந்த டால்-ஈ 3ஐ நிரல் வழியாக அழைத்தால், படத்தோடு `revised_prompt` என்ற இடத்தில் அது மாற்றி எழுதிய வாசகமும் கிடைத்தது. உரையாடல் வடிவக் கருவிகளில், வரைவதற்கு முன் ‘படத்துக்கான ஆங்கில வாசகத்தை முதலில் காட்டு’ என்று கேட்டால் பல கருவிகள் காட்டும். நான் கேட்டபோது என் பச்சை ஜாக்கெட் `green jacket` என்றும், பாவாடை தாவணி மொத்தமாக `yellow saree with maroon silk border` என்றும் மாறியிருந்தது. மூன்று உடை இரண்டாகி, பாவாடையின் அரக்கு நிறம் கரைக்குப் போனது எப்படி என்று அப்போதுதான் புரிந்தது. படத்தை இருபது தடவை திரும்ப வரையச் சொல்வதைவிட அந்த ஒரு வரியைத் திருத்துவது மேல்.

திருத்திய பிறகும் இரண்டு விஷயத்தை நான் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கிறேன். ஒன்று நிறம். மூன்று உடைக்கு மூன்று நிறம் சொன்னால் அவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கசியும். ரவிக்கையின் பச்சை கரையில் வந்து உட்காரும். நிறத்தை அந்தந்த உடைப் பெயரை ஒட்டியே வைத்தால் கசிவு குறையும், முழுதாக நிற்காது. மிஞ்சியதை அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்துத் திரும்ப வரைந்துதான் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று தோள். இடது என்று எழுதினாலும் பாதி நேரம் வலது தோளில்தான் தாவணி கிடக்கும். யாருக்கு இடது, பெண்ணுக்கா பார்ப்பவருக்கா என்பதில் இந்த மாடல்கள் இன்னமும் தடுமாறுகின்றன. கிணற்றடியில் எழுத்து எதுவும் இல்லாததால், நான் படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டுவிட்டேன்.

சொல்லால் தீராத உடைகளும் உண்டு. மடிசாரை எத்தனை வரி விவரித்தும் எனக்குச் சரியாக வந்ததில்லை. ஒன்பது கெஜத் துணி எங்கே மடிந்து, கால்களுக்கு நடுவே எப்படிப் போய், எந்தப் பக்கம் வெளிவருகிறது என்பதை வாக்கியத்திலிருந்து கட்டியெழுப்ப, அந்தக் கட்டை மாடல் போதுமான அளவு பார்த்திருக்க வேண்டும். அதற்கு நான் இப்போது வாசகத்தை நீட்டுவதில்லை. கட்டியவர் அனுமதியோடு எடுத்த ஒரு புகைப்படத்தை மாதிரியாகக் கொடுத்து, முகத்தையும் பின்னணியையும் மட்டும் மாற்றச் சொல்கிறேன்.